ஒட்டுப் போடாதீங்க அண்ணாச்சி, பின்னாடி போங்க!

கொஞ்ச நாளாவே மனசுக்குள்ள உறுத்திக்கிட்டிருந்த விஷயம். சொன்னா நண்பர்கள் கோவிச்சுக்குவாங்கன்னு சும்மா இருந்தேன். ஆனா போன வாரம் ஒருத்தர், "தப்பா வந்தா என்னய்யா, அடுத்த ரீஃப்ரெஷ்ல தன்னால சரியாயிடும்" அப்படின்னு திருவாய் மலர்ந்தார் பாருங்க, அதோட பொறுமை போயிடுச்சு. பொட்டி தட்டுற மக்கள் நிறைய பேர் இந்தப் பக்கம் வந்து போறீங்க. உங்க ஆபீஸ்லயும் இதே கூத்துதான் நடக்கும். அதனால முழுசா படிச்சுட்டு திட்டணும்னா திட்டுங்க.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். எங்க தூத்துக்குடி மாவட்டத்துல 19 இடத்துல மழைமானி இருக்கு. கழுகுமலைல ஒண்ணு, கோவில்பட்டில ஒண்ணு, கயத்தாறு, கடம்பூர், எட்டயபுரம், விளாத்திகுளம் இப்படி. தினமும் காலைல முந்தின 24 மணி நேர மழையை அளந்து ஒரு அட்டவணையா போடுவாங்க. இந்த அட்டவணையை எடுத்து, படம், வரைபடம் எல்லாம் போட்டு ஒரு டாஷ்போர்டா வெளியிடற நண்பர் குழு ஒண்ணு இருக்கு. பேர் வேண்டாம். நல்ல மனுஷங்க, காசு வாங்காம செய்யறாங்க. தினமும் காலைல ஒரு நிரல் தானா ஓடும், புது அட்டவணையைப் படிக்கும், பழைய கோப்பு மேலேயே எழுதிடும், பக்கம் புதுசாயிடும். மனுஷன் கை படாத வேலை. வில்லங்கமும் அங்கேதான்.

போன ஐப்பசியில ஒருநாள் மேலே இருந்து வர்ற அட்டவணையில தலைப்புக்கு மேல கூடுதலா ஒரே ஒரு வரி சேர்த்துட்டாங்க. நம்ம நிரல் ஊர்ப் பேர்களைத் தலைப்பைத் தேடிக் கண்டுபிடிச்சு படிக்கும், எண்களை மட்டும் "இத்தனாவது வரியிலிருந்து" என்று எண்ணிப் படிக்கும். வரி ஒண்ணு கூடிப்போச்சா, பேர் சரியா வந்தது, எண் ஒரு வரி தள்ளி வந்தது. முதல் ஊருக்குத் தலைப்பு வரி விழுந்து அது பூஜ்யமாச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஊருக்கும் அதுக்கு மேல இருக்கிற ஊரோட மழை. பட்டியல்ல கழுகுமலைக்கு மேல கோவில்பட்டி. அதனால கோவில்பட்டில பெஞ்ச மழை கழுகுமலைல பெஞ்சதா ஆயிடுச்சு.

எண்களைப் புரியறதுக்காக எளிமையாக்கிச் சொல்றேன். கோவில்பட்டில 46 மி.மீ., கழுகுமலைல 3 மி.மீ. டாஷ்போர்டு கழுகுமலைக்கு 46 காட்டுச்சு. ரெண்டு ஊருக்கும் இடையில இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா கரிசக்காட்டுல மழை எப்படி பெய்யும்னு தெரியும்தானே. ஓடைக்கு அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் தூசி.

இதுல என்னய்யா குடி முழுகிப்போச்சுன்னு சென்னைல உக்காந்து கேக்கறவங்களுக்கு: கரிசல் மானாவாரியில 46 மி.மீ. விழுந்தா நிலம் பதத்துக்கு வரும், ஏர் ஓட்டலாம், விதை போடலாம். 3 மி.மீ. விழுந்தா வெடிப்புக்குள்ள போன இடம் தெரியாது. எங்க ஊர்க்காரர் ஒருத்தர் வெளியூர்ல வேலை பாக்கறார், இங்க ஆறு ஏக்கர் இருக்கு. செல்போன்ல 46 பாத்ததும் டிராக்டருக்குச் சொல்லிட்டார், மக்காச்சோள விதையும் வாங்கி அனுப்பிட்டார். டிராக்டர் போய் நின்னா காடு காஞ்சு கிடக்கு. காட்டைப் பாத்துக்கிடறவர் விவரமானவர், "அண்ணாச்சி, இங்க வாசல் தெளிச்ச அளவுகூட மழை இல்ல, விதையை மூட்டையிலேயே வைக்கேன்"னு போன் போட்டார். டிராக்டர் வாடகையோட போச்சு. அவர் சொல்லலைன்னா விதையும் போயிருக்கும். அரைகுறை ஈரத்துல முளைச்சு கருகினா மறுபடி விதை வாங்கறதுக்கு யார் காசு குடுப்பா?

இப்ப குழு நண்பர்கள் என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க. கழுகுமலைல இருந்து புகார் போச்சு. உடனே ஒருத்தர் கோப்பைத் திறந்து 46-ஐ அழிச்சிட்டு 3-ன்னு கையால எழுதினார். அவ்வளவுதான், "சரி பண்ணியாச்சு"ன்னு வாட்ஸப்புல செய்தி வந்துடுச்சு. யோசிச்சுப் பாருங்க. தப்பு பத்தொம்பது ஊருக்கும். திருத்தம் புகார் சொன்ன ஒரே ஊருக்கு. கயத்தாறுக்காரர் கேக்கலை, அதனால கயத்தாறுல கழுகுமலையோட 3 அப்படியே நின்னுச்சு. இதை விட மோசம், மறுநாள் காலைல நிரல் வழக்கம்போல ஓடி கழுகுமலைக்கு மறுபடி கோவில்பட்டி கணக்கை எழுதிட்டுப் போயிடுச்சு. இவர் மறுபடி கையால மாத்தறார். இப்படியே மூணு நாள். இதுக்குப் பேர் திருத்தம் இல்லை, ஒட்டு. கிழிஞ்ச சாக்குல ஒரு ஓட்டையை மட்டும் தைக்கிற மாதிரி.

என் கட்சி இதுதான்: தானியங்கி ரீஃப்ரெஷ் தப்பா வந்துட்டா, எண்ணைத் தொடாதே. ரீஃப்ரெஷை நிறுத்து. கடைசியா சரியா இருந்த பதிப்புக்கு முழுசா திரும்பிப் போ. போனதைப் பக்கத்துலயே எழுது. அதுக்கப்புறம் நிதானமா காரணத்தைத் தேடு. வரிசை மாறக்கூடாது.

"அது பெரிய வேலையாச்சே"ன்னு ஒரு சாக்கு வரும். இல்லை. அவங்க பக்கம் கிட்ஹப்ல இருக்கு, தினமும் நிரல் எழுதற கோப்பு ஒவ்வொண்ணும் வரலாறுல பத்திரமா இருக்கு. மொத்த வேலையும் இவ்வளவுதான்:

```
gh workflow disable refresh.yml
git pull
git log --oneline -- data/rain.csv
git show a1b2c3d:data/rain.csv
git restore --source=a1b2c3d data/rain.csv
git commit -am "rain.csv: back to a1b2c3d"
git push
```

முதல் வரிதான் உயிர். ரீஃப்ரெஷை நிறுத்தாம பழசைக் கொண்டு வந்தா, மறுநாள் காலைல அது மேலேயே குப்பை விழும். மூணாவது வரி அந்தக் கோப்பை மாத்தின பதிப்புகளோட பட்டியல் தரும். நாலாவது வரியில ஒவ்வொரு பதிப்பையும் திறந்து கண்ணால பாக்கணும். ஐந்தாவது வரி நல்ல பதிப்போட அந்த ஒரு கோப்பை மட்டும் கொண்டு வரும், நடுவுல யாராவது பக்கத்தோட வடிவத்தை மாத்தியிருந்தா அது கெடாது. சில பேர் `git reset --hard` அடிச்சு வரலாறையே பின்னாடி தள்ளிட்டு பலவந்தமா ஏத்துவாங்க. அதை செய்யாதீங்க. தப்பா வந்த பதிப்பும் சாட்சி. என்னைக்கு எத்தனை மணிக்கு தப்பு ஆரம்பிச்சதுன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா காட்டறதுக்கு அது வேணும்.

நாலாவது வரியில "கண்ணால பாக்கணும்"னு சொன்னேனே, அதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, "முந்தின பதிப்பு" வேற, "முந்தின நல்ல பதிப்பு" வேற. நம்ம கதையில மூணு நாள் ஆயிடுச்சு, நேத்தைய பதிப்பும் கெட்டது, முந்தாநேத்தைய பதிப்பும் கெட்டது. இதுக்கு உலகப் பிரசித்தமான உதாரணம் 2020-ல இங்கிலாந்துல நடந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளை ஆய்வகங்கள் அனுப்ப, அங்கத்திய பொது சுகாதாரத் துறை அதைப் பழைய எக்ஸெல் வடிவத்துல ஏத்திக்கிட்டிருந்தது. அந்த .xls கோப்புல 65,536 வரிக்கு மேல கொள்ளாது. அதுக்கு மேல வந்தது சத்தமில்லாம விழுந்துடுச்சு. செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பேர் தினசரி கணக்குல வரவே இல்லை. டாஷ்போர்டு ஒவ்வொரு நாளும் அழகா புதுசாயிக்கிட்டேதான் இருந்தது. அக்டோபர் 3, 4 தேதிகள்ல விடுபட்டதையெல்லாம் சேர்த்துப் போட்டப்ப, 4-ம் தேதி கணக்கு 22,961-ன்னு எகிறிச்சு. பரிசோதனை செஞ்சுக்கிட்டவங்களுக்கு அவங்கவங்க முடிவு போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா அவங்க யார் யாரோட பழகினாங்கன்னு தேடிப் போறது அத்தனை நாள் தாமதம். அங்க அக்டோபர் 2-ம் தேதி நின்னுக்கிட்டு "நேத்தைய பதிப்புக்குப் போ"ன்னா எதுக்குப் போறது? அதுவும் குறைபட்டதுதான். அப்ப ஒரு வாரத்துக்கும் மேல பின்னாடி போனாதான் நல்லது கிடைக்கும். எத்தனை தூரம் போகணும்ங்கறதைக் காலண்டர் சொல்லாது, சோதனைதான் சொல்லும்.

என்ன சோதனை? இங்கதான் நம்ம குழு நண்பர்கள் எனக்கு ஒரு பதில் சொன்னாங்க. "மாவட்டக் கூட்டுத்தொகையை சரிபாக்கறோம், அது சரியாத்தானே இருந்தது?" ஆமா, இருந்தது. எண்கள் ஒரு வரி நகர்ந்தா கடைசி ஊரோட எண் மட்டும்தான் வெளியே விழும். அன்னைக்கு கடைசி ஊர்ல மழையே இல்லை. அதனால கூட்டினா அச்சு அசல் சரி. பத்தொம்பது ஊர் கணக்கும் தப்பு, மொத்தம் மட்டும் சரி! அடுத்து ஒரு யோசனை சொன்னாங்க: "ஒரு நாளைக்கு 300 மி.மீ.க்கு மேல வந்தா தப்புன்னு வெச்சுக்கலாம்." அய்யா சாமி, நாம இருக்கறது எந்த மாவட்டம்? 2023 டிசம்பர் 18 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 946 மி.மீ. பெஞ்சதை மறந்துட்டீங்களா? அன்னைக்கு அந்த 300 கணக்கு இருந்திருந்தா, ஊரே தண்ணியில நிக்கறப்ப டாஷ்போர்டு "தப்பான தகவல்"னு தள்ளிட்டு, முந்தின நாளோட பழைய எண்ணைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். பின்னாடி போறது நல்ல விஷயம்தான், ஆனா உண்மையை விட்டுட்டுப் பின்னாடி போறது அயோக்கியத்தனம். பெரிய எண் தப்பான எண் ஆகாது.

சரியான சோதனை கணக்குக்குள்ளேயே இருக்கு. அட்டவணையில அன்றைய மழையும் இருக்கு, பருவம் தொடங்கினதிலிருந்து மொத்த மழையும் இருக்கு. ஒரு ஊரோட நேத்தைய மொத்தத்தோட இன்னைக்குப் பெஞ்சதைக் கூட்டினா இன்னைக்கு மொத்தம் வரணும். பெஞ்ச மழை திரும்ப மேகத்துக்குப் போகாது, மொத்தம் என்னைக்கும் குறையாது. நம்ம உதாரணத்துல கழுகுமலையோட நேத்தைய மொத்தம் 118. கோவில்பட்டியோடது 61, அதோட 46 சேர்ந்து 107. எண் நகர்ந்ததுல கழுகுமலைக்கு 107 விழுந்துச்சு. அதாவது டாஷ்போர்டு சொன்ன கதை என்னன்னா: கழுகுமலைல 46 மி.மீ. மழை பெஞ்சது, அதனால மொத்த மழை 118-லிருந்து 107-ஆ குறைஞ்சது! ஒரு பள்ளிக்கூடப் பையன் பாத்தா சிரிப்பான். காயல்பட்டினத்து 946 இந்த சோதனையில ஜம்முனு தேறிடும், ஏன்னா மொத்தமும் 946 ஏறியிருக்கும். எழுதறதும் நாலு வரிதான்:

```python
m = old.merge(new, on="station", suffixes=("_o", "_n"))
gap = m["total_n"] - m["total_o"] - m["rain_n"]
if len(m) != 19 or not (gap.abs() <= 0.2).all():
    raise SystemExit("rain.csv: total mismatch")
```

`old` நேத்தைய கோப்பு, `new` இன்னைக்கு வந்தது. ஒரு ஊர் விடுபட்டாலும் நிக்கும், ஒரு கட்டம் காலியா வந்தாலும் நிக்கும். இதுக்கும் எல்லை உண்டு, மறைக்கலை. அக்டோபர் 1-ல வடகிழக்குப் பருவக் கணக்கு பூஜ்யத்துல ஆரம்பிக்கறப்ப இது வீணா கத்தும். மேலே இருக்கறவங்க நேத்தைய எண்ணைப் பின்னால திருத்தினாலும் கத்தும். கத்தட்டும், ஒரு மனுஷன் எழுந்து பாத்துட்டு அனுமதிக்கட்டும்.

கடைசி வரியைக் கவனிங்க. தப்புன்னு தெரிஞ்சா நிரல் தோத்துப்போய் நிக்குது. பழைய கோப்பு மேல எழுதவே இல்லை. அதாவது பின்னாடி போற வேலையே மிச்சம், பக்கம் நேத்தைய நல்ல பதிப்புலயே நிக்கும். நம்மாளுங்க ரீஃப்ரெஷ் தோத்துப்போச்சுன்னா பதறுவாங்க, ஜெயிச்சா தூங்கிடுவாங்க. நான் நேர் எதிர். தோத்த ரீஃப்ரெஷால யாருக்கும் கெடுதல் இல்லை. தப்போட ஜெயிச்ச ரீஃப்ரெஷ்தான் டிராக்டரை அனுப்பும்.

ஆபீஸ்ல பவர் பிஐ வெச்சு ஆணி பிடுங்கற மக்களுக்கும் இதேதான். தரவை உள்ளே இழுத்து வெச்சுக்கற வகை மாடல்ல, ரீஃப்ரெஷ் தோத்தா பழைய தரவு அப்படியே நிக்கும். தொடர்ந்து நாலு தடவை தோத்தா நேர அட்டவணையையே அது நிறுத்திடும். ஆனா குப்பை ஒழுங்கா உள்ளே வந்துட்டா அது வெற்றி, எந்த எச்சரிக்கையும் வராது. அப்ப பின்னாடி போகணும்னா, நீங்க முன்னாடியே சேமிச்சு வெச்ச .pbix கோப்பு வேணும். அதை மறுபடி வெளியிட்டா, அதை எந்தத் தேதியில சேமிச்சீங்களோ அந்தத் தேதித் தரவோட பக்கம் திரும்பும். அதுக்கு முன்னாடி நேர அட்டவணையை நிறுத்தணும், இல்லைன்னா பழைய கதை. அப்படி ஒரு கோப்பே சேமிக்கலைன்னா? படத்தையும் கட்டத்தையும்தான் உங்களால மீட்க முடியும், எண்ணை முடியாது. நிறைய பேர் "எங்ககிட்ட பேக்கப் இருக்கு"ன்னு சொல்றது வெறும் வடிவத்தோட பேக்கப்தான்.

இப்ப பெரிய எதிர்வாதத்துக்கு வர்றேன். "பழைய எண்ணைக் காட்டறது மக்களை ஏமாத்தறது இல்லையா?" நியாயமான கேள்வி. தேதியை மறைச்சா ஏமாத்துதான். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. நிறைய பக்கங்கள்ல "கடைசியாகப் புதுப்பித்தது"ங்கற வரி, பக்கத்தைக் கட்டின நேரத்தை எடுத்துக்கும். மூணு நாள் பழைய தரவுக்கு நீங்க திரும்பிப் போன அந்த நிமிஷம், பக்கம் "இன்று காலை 10.40"ன்னு பல்லைக் காட்டும். அதுதான் பச்சைப் பொய். தேதி தரவுக்குள்ளேருந்து வரணும்: "இந்த மழை அளவு இன்ன தேதி காலை வரைக்கும்." அதோட ஒரு வரி: "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை காட்டிய எண்கள் தவறானவை, 19 ஊருக்கும்." ஏன்னா பக்கத்தை நீங்க பின்னாடி கொண்டு போகலாம். வாட்ஸப்புல சுத்தற படத்தைக் கொண்டு போக முடியாது. அதைப் பாத்துட்டு வர்றவன் இந்த வரியைப் பாக்கணும்.

கொரோனா காலத்துல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தினசரிக் கணக்கை ஒவ்வொரு நாளைக்கும் தனித்தனி கோப்பா வெச்சது. திருத்தினதை Errata.csv-ன்னு தனியா ஒரு கோப்புல எழுதி வெச்சது. யாரும் அவங்களைக் கேவலமா நினைக்கலை. நம்ம குழுவும் அன்னன்னைக்கு வந்த மூல அட்டவணையைத் தேதி போட்டு தனியா வெச்சிருந்தா, காரணம் தெரிஞ்சதும் மூணு நாளையும் அதிலிருந்தே மறுபடி கட்டியிருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கோப்பு, சில கிலோபைட். ஒரு வருஷத்துக்கு வெச்சாலும் ஒரு கல்யாணப் போட்டோ அளவு வராது.

எங்க ஊர் வெட்டுவான் கோயிலைப் பாத்திருப்பீங்க. மலையை மேலிருந்து கீழே குடைஞ்சது, பாதியில நிக்குது. அந்தச் சிற்பிக்கு உளி ஒரு தடவை தப்பா விழுந்தா திரும்ப வழியே கிடையாது. நமக்கு வழி இருக்கு. ஏழு வரியில இருக்கு. இருந்தும் ஒட்டுப் போடுவேன்னு அடம் பிடிச்சா அது சோம்பேறித்தனமும் இல்லை, "நாங்க தப்பே விடலை"ன்னு காட்டிக்கற வீம்பு. வீம்புக்கு விலை குடுக்கறது டாஷ்போர்டு நடத்தறவர் இல்லை, காட்டுல நிக்கறவர்.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசலாம். "அடுத்த ரீஃப்ரெஷ்ல சரியாயிடும்" கோஷ்டிக்கு மட்டும் அனுமதி இல்லை :-)

டிஸ்கி: குழு நண்பர்கள் இதைப் படிச்சா தனியா போன் போட்டு சண்டை போடலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்தக் கயத்தாறு எண்ணை ஒரு தடவை பாத்துடுங்க.